சீட்டில் டி.டி. என்று எழுதியிருந்தது

திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் ஒன்றை நடத்திவருகிறேன். 2006-ஆம் ஆண்டு என் மகனுக்கு இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் தவணையாக 4,500 பவுண்டு கட்ட வேண்டியிருந்தது. விசா வேலைக்காகச் சென்னை சென்றிருந்த மகன் அங்கிருந்து தொலைபேசியில் சொன்னதை என் மனைவி நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துவைத்தார்: “4,500 பவுண்டு. டி.டி. அனுப்ப வேண்டும்.” அவன் சொன்னது டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது தந்திவழிப் பணமாற்று. ஆங்கிலத்தில் அதன் சுருக்கத்தையும் டிமாண்ட் டிராஃப்டின் சுருக்கத்தையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகளாகிவிடுகின்றன. அதுவரை எந்தக் கல்லூரிக் கட்டணமானாலும் டிராஃப்ட் எடுத்தே கட்டிப் பழகியிருந்த நான், மறு யோசனை இல்லாமல் டிராஃப்ட் எடுத்தேன். அடுத்த ஒரு மாதத்தில் டிராஃப்ட், தந்திவழிப் பணமாற்று, பயணக் காசோலை ஆகிய மூன்றையும் ஒரே கட்டணத்துக்காகப் பயன்படுத்த நேர்ந்தது. இந்தக் கட்டுரையில் குழப்பம் வராதிருக்க, ஒன்றை டிராஃப்ட் என்றும் மற்றொன்றைப் பணமாற்று என்றும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை, எங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவுக்குச் சென்று, அயல்நாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவத்தை நிரப்பிக் கொடுத்து, பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தை இணைத்தேன். அன்றைய விற்பனை விலை பவுண்டுக்கு 87 ரூபாய் 60 காசு. ஆகவே கமிஷன் நீங்கலாக 3,94,200 ரூபாய் என் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டது. கையில் கிடைத்த டிராஃப்ட், எங்கள் வங்கி லண்டனில் கணக்கு வைத்திருக்கும் வேறொரு வங்கியின் மீது எழுதப்பட்டிருந்தது. இது முக்கியமான செய்தி. எந்த நாட்டு நாணயமோ அந்த நாட்டு வங்கியின் மீது எழுதப்பட்ட டிராஃப்டாக இருந்தால்தான், பெறுபவர் அதை உள்ளூர்க் காசோலையைப் போலத் தம் கணக்கில் செலுத்த முடியும். நியூயார்க் வங்கியின் மீது எழுதிய டாலர் டிராஃப்டை இங்கிலாந்துக்கு அனுப்பினால், அங்குள்ள வங்கி அதை வசூலுக்கு அனுப்பிவிட்டு, பணம் வந்த பிறகே வரவு வைக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், வசூல் கட்டணமும் பிடித்துக்கொள்வார்கள். நான் எடுத்த டிராஃப்ட் அந்த வகையில் சரியாகவே இருந்தது.

தவறு வேறு இடத்தில் நேர்ந்தது. அனுமதிக் கடிதத்தின் தலைப்பில் இருந்த முகவரிக்கே கூரியர் அனுப்பினேன். அது மகன் சேரவிருந்த பொறியியல் துறையின் முகவரி. பணம் வாங்கும் நிதி அலுவலகம் வேறு கட்டடத்தில் இருந்தது. டிராஃப்டின் பின்புறம் மாணவர் எண்ணை எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. 13-ஆம் தேதி பல்கலைக்கழகத்தில் யாரோ கையொப்பமிட்டு உறையைப் பெற்றுக்கொண்டதாகக் கூரியர் நிறுவனத்தின் இணையதளம் காட்டியது. 15-ஆம் தேதி புறப்பட்டுச் சென்ற மகன், 18-ஆம் தேதி நிதி அலுவலகத்தில் விசாரித்தபோது அப்படி எதுவும் வரவில்லை என்றார்கள். 25-ஆம் தேதி திங்கட்கிழமை பதிவு. முதல் தவணை கட்டாதவர்களுக்குப் பதிவும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை.

ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய்க்கான தாள் எங்கே கிடக்கிறது என்று தெரியாத நிலையில், 20-ஆம் தேதி வங்கிக்குச் சென்று அந்த டிராஃப்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று லண்டன் வங்கிக்குச் செய்தி அனுப்பச் செய்தேன். மேலாளர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்: “இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாங்களே சார்?” நான் பொறுக்கவில்லை. 22-ஆம் தேதி துறைச் செயலாளரின் மேசையில் வேறு கடிதங்களுக்கிடையே உறை அப்படியே அகப்பட்டது. ஆனால் நிறுத்தக் கட்டளை லண்டனில் பதிவாகிவிட்டதால், அதைச் செலுத்தினால் திரும்பிவந்துவிடும் என்று வங்கியில் சொன்னார்கள். கட்டளையைத் திரும்பப் பெறவும் எழுத்துமூலச் செய்தி போய்ப் பதில் வர வேண்டும் என்பதால், தாளையே திருப்பி அனுப்பி டிராஃப்டை ரத்து செய்வதுதான் வழி என்று முடிவாயிற்று.

டிராஃப்டின் உள்நடைமுறை அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிராஃப்ட் எடுத்த அன்றே என் பணம் என்னை விட்டுப் போய்விட்டது. ஆனால் அது பல்கலைக்கழகத்துக்கும் போகவில்லை. லண்டன் வங்கியில் அந்தத் தாள் செலுத்தப்பட்டு, எங்கள் வங்கி அங்கே வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கில் பற்று வைக்கப்படும் நாள்வரை அது எங்கள் வங்கியிடமே இருக்கிறது. கட்டணம் கட்டியாயிற்று என்று நான் நினைத்திருந்த அத்தனை நாளும், பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஒரு பவுண்டும் ஏறியிருக்கவில்லை. தாள் தொலைந்து, திரும்பவும் கிடைக்காமலே போயிருந்தால், முத்திரைத்தாளில் ஈட்டுறுதி எழுதிக் கொடுத்து, தாள் அதுவரை செலுத்தப்படவில்லை என்ற உறுதி லண்டனிலிருந்து வந்த பிறகே மாற்று டிராஃப்டோ பணமோ கிடைத்திருக்கும்.

பதிவு நாளில் எங்களைக் காப்பாற்றியவை பயணக் காசோலைகள். மகனின் ஆரம்பச் செலவுக்காக 1,500 பவுண்டுக்குப் பயணக் காசோலை வாங்கிக் கொடுத்திருந்தேன்: நூறு பவுண்டுத் தாள்கள் பத்து, ஐம்பது பவுண்டுத் தாள்கள் பத்து. அவற்றுக்கான விற்பனை விலை டிராஃப்டின் விலையைவிடச் சற்று அதிகம், அதற்கு மேல் கமிஷன் தனி. வங்கியின் அன்றாட விலைப் பட்டியலில் அப்போது இதற்குத் தனி வரியே இருந்தது. பணமாற்றுக்கும் டிராஃப்டுக்கும் ஒரே விற்பனை விலைதான். பயணக் காசோலைக்கு அதைவிடக் கூடுதல், ரொக்க நோட்டுக்கு எல்லாவற்றையும்விடக் கூடுதல். கையால் தொடக்கூடிய தாளை வாங்கி, காப்பீடு செய்து, கொண்டுவந்து, அலமாரியில் வைத்திருக்கும் செலவு அந்த விலையில் சேர்கிறது.

1891-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் பயணக் காசோலையைக் கொண்டுவந்தபோது வகுத்த ஏற்பாடு எளிமையானது. வாங்கும்போது விற்பவர் முன்னால் ஒவ்வொரு தாளிலும் ஒரு கையொப்பம், செலவழிக்கும்போது பெறுபவர் முன்னால் இரண்டாவது கையொப்பம். இரண்டும் பொருந்தினால் அது பணம். தொலைந்தால், வாங்கிய ரசீதையும் தாள்களின் வரிசை எண்களையும் காட்டி மீண்டும் பெற்றுக்கொள்ளலாம். அதனால்தான் எண்களைத் தாள்களோடு சேர்த்து வைக்காமல் வேறு பையில் வைத்திருக்கச் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டின் வலிமையே அதன் எல்லையும் ஆகும். உரியவர் நேரில் நின்று கையொப்பமிட வேண்டும் என்பதால், திருப்பூரில் இருந்துகொண்டு அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தபாலில் பயணக் காசோலை அனுப்பிக் கட்டணம் செலுத்துவது அதன் இயல்புக்கே பொருந்தாது. இரண்டாவது கையொப்பத்தை இங்கேயே போட்டு அனுப்பினால், வழியில் எடுத்தவர் கையில் அது ஏறத்தாழ ரொக்கம். மேலும், தாமே முன்கூட்டிக் கையொப்பமிட்டுவிட்ட தாள் தொலைந்தால், அதை ஈடுசெய்ய வெளியிட்ட நிறுவனம் மறுக்கலாம்.

மகன் நேரில் இருந்ததால் அது வேலைக்கு ஆயிற்று. நிதி அலுவலகத்தில் நிலைமையை விளக்கியபோது, ஆயிரம் பவுண்டு கட்டினால் தற்காலிகப் பதிவு தருவதாகவும் மீதிக்கு மூன்று வாரம் அவகாசம் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள். அங்கும் ஒரு தடங்கல் வந்தது. வாங்கிய நாளில் அவன் தமிழில் கையொப்பமிட்டிருந்தான், கடவுச்சீட்டிலோ ஆங்கிலக் கையொப்பம். காசாளர் முதலில் கடவுச்சீட்டைப் பார்த்துத் தயங்கினார். தாளில் உள்ள முதல் கையொப்பத்தைப் போலவே அவர் கண்முன் பத்துத் தாள்களிலும் தமிழில் கையொப்பமிட்டுக் காட்டிய பிறகு, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுப் பெற்றுக்கொண்டார். பயணக் காசோலையில் பொருந்த வேண்டியவை ஒரே தாளின் இரண்டு கையொப்பங்கள்தான் என்றாலும், அடையாளச் சான்றிலும் அதே கையொப்பம் இருப்பது எவ்வளவு தேவை என்பதை அன்று உணர்ந்தோம்.

மீதிக் கதை விரைவாக முடிந்தது. ஆயுத பூஜையும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்த விடுமுறை கழிந்து, அக்டோபர் 3-ஆம் தேதி டிராஃப்ட் திரும்பி வந்தது. 5-ஆம் தேதி ரத்து செய்தார்கள். ரத்து செய்யும்போது வங்கி நமக்குக் கொடுப்பது விற்பனை விலை அல்ல, வாங்கும் விலை. நம்மிடமிருந்து அந்தப் பவுண்டுகளை வங்கி திரும்ப வாங்குவதாகவே கணக்கு. அன்றைய வாங்கும் விலை 85 ரூபாய் 90 காசு என்பதால் 3,86,550 ரூபாய் திரும்பியது. கூரியர் செலவையும் வங்கிக் கட்டணங்களையும் சேர்க்காமலே 7,650 ரூபாய் இழப்பு. இதில் வங்கியின் மேல் எந்தக் குறையும் இல்லை. இரண்டு விலைகளுக்கும் உள்ள இடைவெளியை, எதையும் வாங்காமலே நான் ஒருமுறை கடந்து திரும்பியிருந்தேன். மறுநாள் 3,500 பவுண்டைப் பல்கலைக்கழகத்துக்குப் பணமாற்றாக அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அனுப்பியது செவ்வாய்க்கிழமை வரவாயிற்று என்று மகன் சொன்னான். அதற்குள் வங்கிக் கணக்கு தொடங்கியிருந்த அவனுக்கு, செலவழிந்துபோன ஆயிரம் பவுண்டையும் அதே வழியில் அனுப்பிவைத்தேன்.

தந்திவழிப் பணமாற்று என்ற பெயர் தந்தியைவிட நீண்ட காலம் வாழ்கிறது. இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டுவிட்டது. வங்கிகள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் வலையமைப்புக்கு மாறியிருந்தன. ஆனால் ஒரு பொருளில் அது இன்னும் தந்திதான், ஏனென்றால் பணம் என்று எதுவும் பயணம் செய்வதில்லை. இன்ன கணக்கில் பற்று வைத்து இன்ன கணக்கில் வரவு வை என்ற செய்திதான் பயணம் செய்கிறது. எங்கள் வங்கிக்கும் பல்கலைக்கழகத்தின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாதபோது, இரண்டுக்கும் பொதுவான இடைநிலை வங்கி ஒன்றின் வழியே அந்தச் செய்தி செல்லும். அந்த இடைநிலை வங்கி தன் கூலியை எங்கிருந்து எடுத்துக்கொள்ளும் என்பதைத்தான் அனுப்புபவர் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். இதை நான் கற்றது மகனின் கட்டணத்தில் அல்ல, என் தொழிலில்.

2008-ஆம் ஆண்டு எங்கள் வட்டப் பின்னல் இயந்திரம் ஒன்றுக்கு, 30 அங்குல விட்டத்தில் 24 கேஜ் சிலிண்டரும் ஊசிகளும் இத்தாலியிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அங்குள்ள நிறுவனம் அனுப்பிய புரோஃபார்மா இன்வாய்ஸ் 6,840 யூரோவுக்கு. முழுத் தொகையும் முன்பணமாக வந்தால்தான் சரக்கு கிளம்பும், காசோலையோ டிராஃப்டோ ஏற்பதில்லை என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. பணமாற்று விண்ணப்பத்தில் கட்டணம் யாருடையது என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் உண்டு: OUR என்றால் எல்லா வங்கிகளின் கட்டணமும் அனுப்புபவருடையது, SHA என்றால் நம் வங்கியின் கட்டணம் நமக்கும் மற்றவை பெறுபவருக்கும், BEN என்றால் எல்லாம் பெறுபவருக்கு. நான் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்வதாக எண்ணி SHA-வைக் குறித்தேன். இத்தாலியில் வரவானது 6,818 யூரோ. 22 யூரோ குறைந்ததால் அவர்களுடைய கணக்குப் பிரிவில் இன்வாய்ஸ் நிலுவையாகவே நின்றது, சரக்கு ஐந்து நாள் நகரவில்லை, அத்தனை நாளும் இங்கே ஓர் இயந்திரம் சும்மா நின்றது. பல்கலைக்கழகங்களிலும் இதேதான் நடக்கும். நாம் அனுப்பிய தொகை குறைந்து சேர்ந்தால், அந்த மாணவரின் கணக்கில் சில பவுண்டு பாக்கி என்று காட்டும். அந்தப் பாக்கியைத் தீர்க்க இன்னொரு பணமாற்று அனுப்பினால் அதன் கட்டணம் பாக்கியைவிட அதிகமாக இருக்கும். அன்றிலிருந்து முழுத் தொகை சேர வேண்டிய எந்த இடத்துக்கும் OUR-ஐயே குறிக்கிறேன். அதிலும்கூட, அரிதாக, வழியிலுள்ள வங்கி ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்வது உண்டு. அப்படி நடந்தால் நம் வங்கியின் மூலம் முறையிட்டுக் கேட்பதற்கு, OUR என்று குறித்திருப்பது சான்றாக அமையும்.

பணமாற்று கிளம்பியதும் வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டியது, வங்கி அனுப்பிய செய்தியின் நகலான ஸ்விஃப்ட் காப்பி. நான் அனுப்பிய காலத்தில் அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய வரிகள் இப்படி இருக்கும்:

```
:32A:061006GBP3500,00
:70:STUDENT ID 0000000
:71A:OUR
```

முதல் வரியில் தேதியும் நாணயமும் தொகையும். கடைசி வரியில் கட்டணம் யாருடையது என்பது. நடுவில் உள்ளதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. அது பெறுபவருக்கான குறிப்பு, வரிக்கு 35 எழுத்துகள் வீதம் நான்கு வரிகளுக்கு மேல் கொள்ளாது. விண்ணப்பத்தில் நாம் மாணவரின் முழுப் பெயர், படிப்பு, துறை என்று எழுதி இறுதியில் மாணவர் எண்ணை எழுதினால், இடம் போதாமல் எண்ணே வெட்டுப்படலாம். எண்ணை முதலில் எழுத வேண்டும். பணத்தை அனுப்புபவர் பெயராக அங்கே தெரியப்போவது அப்பாவின் பெயர். தமிழ்நாட்டில் நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயருக்கும் மகன் பெயருக்கும் எந்த ஒற்றுமையும் இருக்காது. மாணவர் எண் இல்லாவிட்டால் இந்தப் பணம் யாருக்கு வந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு வழியே இல்லை. இன்வாய்ஸுக்கு அனுப்பும்போது அதே இடத்தில் இன்வாய்ஸ் எண் முதலில் வர வேண்டும்.

2025 நவம்பரோடு வங்கிகளுக்கிடையிலான இந்தப் பழைய வடிவம் விலக்கப்பட்டு, புதிய செய்தி வடிவம் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய காப்பியில் OUR என்பதன் இடத்தில் DEBT என்றும், SHA என்பதன் இடத்தில் SHAR என்றும், BEN என்பதன் இடத்தில் CRED என்றும் காணலாம். மாறியவை சொற்கள்தான், பொருள் அதேதான். அதோடு UETR என்று குறிக்கப்படும் 36 எழுத்துகள் கொண்ட தடமறி எண் ஒன்றும் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால் இரு பக்கத்து வங்கிகளும் தேடுவது எளிதாகிறது.

பணமாற்றின் வேகத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அது திரும்பாது என்பதைப் பலர் சொல்வதில்லை. என் டிராஃப்ட் ஒன்பது நாள் யாருடைய மேசையிலோ கிடந்தபோதும், அதில் பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதப்பட்டிருந்ததாலும் நிறுத்தக் கட்டளை கொடுக்க முடிந்ததாலும், பணம் என்னை விட்டு முழுவதும் போய்விடவில்லை. பணமாற்று ஒரு கணக்கில் வரவாகிவிட்டால், அந்தக் கணக்குக்கு உரியவர் சம்மதிக்காமல் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். நம் வங்கி திருப்பிக் கேட்டுச் செய்தி அனுப்பலாம், ஆனால் அது வேண்டுகோள் மட்டுமே. மேலும், பல நாடுகளில் நீண்ட காலம் வரவு வைக்கும் வங்கிகள் பார்த்தது கணக்கு எண்ணை மட்டும்தான். அதோடு எழுதிய பெயர் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

2014-இல் இதன் பொருள் எனக்கு நெருக்கத்தில் தெரிந்தது. அதே இத்தாலிய நிறுவனத்திடம் மீண்டும் ஊசிகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். முன்பணம் அனுப்பவிருந்த வாரத்தில், அவர்களுடைய விற்பனை அலுவலர் பெயரில், அவருடைய வழக்கமான கையெழுத்துப் பகுதியோடு, எங்கள் முந்தைய கடிதங்களுக்குத் தொடர்ச்சியாகவே ஒரு மின்னஞ்சல் வந்தது. தணிக்கை நடப்பதால் பழைய கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது, புதிய கணக்குக்கு அனுப்பவும் என்று அதில் இருந்தது. வங்கியில் விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் கணக்கு எண்ணைக் கவனித்தேன். ஐரோப்பாவில் பயன்படும் ஐபான் எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் நாட்டைக் குறிப்பவை. இத்தாலியக் கணக்கு என்றால் IT என்று தொடங்கி, மொத்தம் 27 எழுத்துகள் இருக்கும். எனக்கு வந்திருந்தது GB என்று தொடங்கியது, 22 எழுத்துகளே இருந்தன. இத்தாலியில் தொழிற்சாலை நடத்துபவர் இங்கிலாந்துக் கணக்குக்கு ஏன் பணம் கேட்கிறார் என்று தோன்றியதால், பழைய இன்வாய்ஸில் அச்சிட்டிருந்த தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்டேன். அப்படி ஒரு மின்னஞ்சலே அவர்கள் அனுப்பவில்லை. பிறகு நிதானமாகப் பார்த்தபோது, அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தது.

ஐபான் எண்ணின் மூன்றாம், நான்காம் இடங்களில் உள்ளவை சரிபார்ப்பு இலக்கங்கள். ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டச்சு செய்துவிட்டால் கணினி அதை ஏற்காது. இது நம் கைத்தவற்றைத் தடுக்கிறது. திருடனின் கணக்கு எண்ணும் அதே கணக்குப்படி சரியாகத்தான் இருக்கும் என்பதால், கணினி ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதை வைத்து எதையும் நம்ப முடியாது. வங்கியின் ஸ்விஃப்ட் குறியீட்டிலும் ஐந்தாம், ஆறாம் எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இன்வாய்ஸில் உள்ள நாடு, ஐபான் காட்டும் நாடு, ஸ்விஃப்ட் குறியீடு காட்டும் நாடு ஆகிய மூன்றும் ஒன்றுதானா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆவதில்லை. கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால், அந்தச் செய்தியிலேயே உள்ள தொலைபேசி எண்ணை ஒருபோதும் அழைக்கக் கூடாது. பழைய தாளில் உள்ள எண்ணையே அழைக்க வேண்டும்.

சரக்குக்கு அனுப்பும் பணத்துக்கும் படிப்புக்கு அனுப்பும் பணத்துக்கும் வங்கி கேட்கும் தாள்கள் வேறு. படிப்புக்கு அனுமதிக் கடிதமும் கட்டண அறிவிப்பும் போதும். ஏ2 படிவத்தில் அயல்நாட்டுக்குச் சென்று படிப்பதற்கான நோக்கக் குறியீடு S0305. சரக்குக்கு இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், பணம் அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. சரக்கு சுங்கத்தில் இறங்கிய பிறகு சுங்க இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் கொடுத்து, அனுப்பிய முன்பணத்தோடு இணைத்துக் கணக்கை முடிக்க வேண்டும். 2016 முதல் இந்த இணைப்பு ரிசர்வ் வங்கியின் கணினி அமைப்பில் பதிவாகிறது. இணைக்காத முன்பணம் நிலுவையில் நின்றால் அடுத்த முன்பணம் அனுப்பும்போது வங்கி கேள்வி கேட்கும். பெற்றோர் அனுப்பும் பணத்தில் இப்போது முன்கூட்டிப் பிடிக்கும் வரியும் உண்டு. 2025 ஏப்ரல் முதல், நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கே அது பொருந்துகிறது, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்புவதற்கு இல்லை. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அனுப்பும் நாளில் அந்தத் தொகையும் கணக்கில் இருந்தாக வேண்டும்.

இன்று பயணக் காசோலை ஏறக்குறைய மறைந்துவிட்டது. மகன் கையில் நான் கொடுத்தனுப்பிய அந்தத் தாள்களின் இடத்தை முன்பணம் ஏற்றிய செலாவணி அட்டை பிடித்துக்கொண்டது. டிராஃப்டைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை என்று கட்டண அறிவிப்பிலேயே எழுதிவிடுகின்றன. ஏதேனும் ஓர் அலுவலகம் சிறு தொகைக்கு டிராஃப்ட்தான் வேண்டும் என்று கேட்டால், அந்த நாட்டு வங்கியின் மீது எழுதச் சொல்லி, பெறுபவரின் சட்டப்பூர்வமான முழுப் பெயரை அறிவிப்பில் உள்ளபடியே எழுதி, பின்புறம் விண்ணப்ப எண்ணைக் குறித்து, பணம் வாங்கும் பிரிவின் முகவரிக்கே அனுப்ப வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் பணமாற்றுதான்.

சென்ற ஆண்டு என் தம்பி மகளுக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தபோது, முன்பணத்தை யார் கணக்கிலிருந்து அனுப்புவது என்ற பேச்சு வந்தது. தம்பியின் கணக்கில் அன்றைக்குப் பணம் குறைவாக இருந்ததால், “நீங்க அனுப்பீருங்கண்ணா, நான் அடுத்த வாரம் உங்களுக்குக் குடுத்தர்றேன்” என்றான். நான் மறுத்துவிட்டு, பணத்தை முதலில் அவன் கணக்கில் போட்டு, அங்கிருந்தே அனுப்பச் சொன்னேன். விசா கிடைக்காமல் போனால் பல்கலைக்கழகம் முன்பணத்தைப் பெரும்பாலும் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அந்தக் கணக்குக்கே திருப்பும், வேறு பெயருக்குத் திருப்பச் சொன்னால் கடிதத்துக்கு மேல் கடிதம் கேட்பார்கள். திரும்பிவரும் பணமும் வாங்கும் விலையில்தான் ரூபாயாக மாறும். ஏ2 படிவத்தில் அவன் கையொப்பமிடும் முன் பெறுபவர் குறிப்புக்கான கட்டத்தை வாங்கிப் பார்த்தேன். மகளின் பெயரை முதலில் எழுதி, மாணவர் எண்ணை இரண்டாவது வரியின் கடைசியில் எழுதியிருந்தான். வேறு படிவம் வாங்கி, எண்ணை முதலில் எழுத வைத்தேன்.